அப்டேட்டுக்குப் பிறகு போன் ஏன் திணறுகிறது?

ஆண்ட்ராய்டு போனில் சிஸ்டம் அப்டேட் போட்டு ரீஸ்டார்ட் ஆனதும், சில மாடல்களில் ஆப்கள் ஆப்டிமைஸ் ஆவதாகத் திரை சொல்லும். 112-ல் 23 என்று எண்ணிக்கை நகரும். ஆப்கள் மறுபடி டவுன்லோடு ஆகின்றன என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி எதுவும் இறங்குவதில்லை. இருக்கிற ஆப்களையே போன் மறுபடி மொழிபெயர்க்கிறது.

பிளே ஸ்டோரிலிருந்து வரும் ஆப்பின் பெரும்பகுதி, எல்லா வகைப் போன்களுக்கும் பொதுவான ஓர் இடைநிலை வடிவத்தில் இருக்கும். பிராசசருக்கு அது நேரடியாகப் புரியாது. ஆண்ட்ராய்டுக்குள் இருக்கும் ஏஆர்டி என்ற பகுதிதான் அதைப் பிராசசரின் மொழிக்கு மாற்றிச் சேமித்து வைக்கிறது. தட்டியதும் ஆப் சட்டென்று திறப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சரி, ஒருமுறை மாற்றியதை அப்டேட்டுக்குப் பிறகு ஏன் தூக்கிப் போட வேண்டும்? ஒரு சாட் ஆப்பை எடுத்துக்கொள்வோம். பட்டியலைத் திரையில் வரைய அது ஆண்ட்ராய்டின் சொந்தச் செயல்பாடுகளை அடிக்கடி கூப்பிடும். ஒவ்வொரு முறையும் போய் வருவது வீண் என்று, அவற்றில் சிறியவற்றை ஏஆர்டி ஆப்பின் கோடுக்குள்ளேயே நகலெடுத்து வைத்துவிடும். அப்டேட்டில் ஆண்ட்ராய்டு மாறிவிட்டால் அந்த நகல் பழையது. பாடநூலின் புதிய பதிப்பு வந்த பிறகு, பழைய பதிப்பின் பக்க எண்களைப் போட்ட நோட்ஸை வைத்துப் படிப்பது போலத்தான். அப்படியே ஓட்டினால் ஆப் கிராஷ் ஆகலாம். அதனால் எந்த ஆண்ட்ராய்டுக்காக மாற்றப்பட்டது என்ற அடையாள எண்ணை ஏஆர்டி ஒவ்வொரு கோப்பிலும் குறித்து வைக்கிறது. எண் பொருந்தாவிட்டால் கோப்பு செல்லாது. மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட்டில் நாலு வரி திருத்தியிருந்தாலும் அந்த எண் மாறக்கூடும்.

2014-ல் வந்த ஆண்ட்ராய்டு 5.0, எல்லா ஆப்களையும் முழுசாக மாற்றிய பிறகே திரையைத் திறந்துவிட்டது. காத்திருந்தவர்கள் பட்ட எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. 2016-ல் 7.0 வந்தபோது முறை மாறியது. ஆப்பின் எந்தப் பகுதியை நீங்கள் அடிக்கடி பயன்படுத்துகிறீர்கள் என்று போன் குறிப்பெடுத்து, அதை மட்டும் முன்கூட்டி மாற்றுகிறது. அதுவும் போன் சார்ஜில், சும்மா இருக்கும்போது. இன்று பல போன்கள் இந்த வேலையில் ஒரு பகுதியை ரீஸ்டார்ட்டுக்கு முன்பே பின்னணியில் செய்துவிடுகின்றன.

மிச்சம் முடியும்வரை, ஆப் ஓடும்போதே மாற்றமும் நடக்கும். போன் சூடாவதற்கும், சார்ஜ் சீக்கிரம் இறங்குவதற்கும் இது ஒரு காரணம். இரவில் சார்ஜரில் மாட்டி விட்டுவிட்டால் பெரும்பாலும் காலையில் சரியாகிவிடும். ஆனால் ஸ்டோரேஜ் நிரம்பி வழியும் போனில் இந்த வேலை தள்ளிப்போகும். வாரம் கடந்தும் திணறினால் முதலில் அதைப் பாருங்கள். பொறுமையிழந்து ஃபேக்டரி ரீசெட் போடாதீர்கள். அது, போன் எடுத்து வைத்த உங்கள் பழக்கக் குறிப்புகளையும் சேர்த்தே அழித்துவிடும்.