கம்பளிப் பந்திலிருந்து இறகுக்கு

பூப்பந்து 27 முதல் 30 கிராம் வரை எடையுள்ளது. மஞ்சள் கம்பளி நூல் சுற்றிய, எலுமிச்சம்பழத்தைவிடச் சற்றுப் பெரிய உருண்டை. ஷட்டில் எனப்படும் இறகுப்பந்தின் எடை ஐந்து கிராமைச் சுற்றித்தான், விதிப்படி 5.50 கிராமைத் தாண்டக் கூடாது. இரண்டும் வலைக்கு மேலே, தரையில் விழாமல் அடிக்கப்படுபவை. இந்த எடை வித்தியாசம்தான் ஒரு விளையாட்டை ஊர்ப் பொட்டலில் நிறுத்தி வைத்தது, மற்றொன்றைக் கூரைக்கு அடியில் கொண்டுபோய் வைத்தது.

பூப்பந்து தஞ்சாவூரில் 1856ஆம் ஆண்டளவில் அரச குடும்பத்தினர் ஆடத் தொடங்கிய ஆட்டம் என்பார்கள். அரண்மனையில் தொடங்கினாலும் அது தங்கிய இடம் பள்ளிக்கூடத்து மைதானமும், ரயில்வே காலனியும், கோயில் பின்புறத்துக் காலி இடமும்தான். அதற்குக் காரணம் அந்த முப்பது கிராம். சாயங்காலக் காற்று ஷட்டிலைத் தள்ளிக்கொண்டு போய்விடும். கம்பளிப் பந்தை அவ்வளவாக அசைக்காது. ஆகவே கூரை வேண்டாம், சுவர் வேண்டாம். இரண்டு கம்பங்களும், ஒரு வலையும், நீரில் கரைத்த சுண்ணாம்பும் போதும். பனிக்காலத்துக் காலையில் மட்டும் தொல்லை உண்டு. ஈரம் குடித்த பந்து கனத்துப்போய், நரம்புக் கட்டில் 'தொப்' என்று பட்டுப் பக்கத்திலேயே விழும். அப்போது வேறு பந்தை எடுத்துக்கொண்டு, நனைந்ததை வெயிலில் காயப் போடுவார்கள்.

ஆடுகளம் 24 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம். வலை 1.83 மீட்டர் உயரம். நல்ல உயரமான ஆளின் தலைக்குச் சமம். ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர்: பொதுவாக வலையருகே இருவர், நடுவில் ஒருவர், பின்னால் இருவர். பொழுதுபோக்காக ஆடுபவர்களுக்கு இந்த ஐவர் ஏற்பாடு எவ்வளவு பெரிய கொடை என்பதை அன்று யாரும் யோசித்ததில்லை. ஓட முடியாத தலைமையாசிரியர் நடுவில் நின்றுகொண்டு, தன்னிடம் வருவதை மட்டும் திருப்பி அனுப்பலாம். பத்தாம் வகுப்புப் பையன் பின்வரிசையில் ஓடி ஓடி எடுக்கலாம். நன்றாக ஆடுபவர், சுமாராக ஆடுபவர், இன்றுதான் மட்டை பிடித்தவர் மூவரும் ஒரே அணியில் நின்றாலும் ஆட்டம் கெடாது. ஆள் வரக் காத்திருக்கும் நேரத்தில் ஊர்ச் செய்தி அனைத்தும் பேசி முடிந்துவிடும்.

இன்று அதே வயதுக்காரர்கள் ஷட்டில் ஆடுகிறார்கள். களம் 13.40 மீட்டருக்கு 6.10 மீட்டர், வலையின் நடு உயரம் 1.524 மீட்டர். இரட்டையர் என்றால் மொத்தம் நான்கு பேர். கணக்குப் போட்டுப் பார்த்தால் மாற்றத்தின் ஒரு காரணம் தெரியும். பூப்பந்துக் களம் ஏறத்தாழ 3,100 சதுர அடி. ஒரு கிரவுண்டு மனைக்கும் மேலே, அதுவும் கோட்டுக்கு வெளியே ஓட வேண்டிய இடத்தைச் சேர்க்காமல். ஷட்டில் களம் 880 சதுர அடி. மனை விலை ஏறிய ஊர்களில் பத்துப் பேர் இலவசமாக ஆடுவதற்கு ஒரு கிரவுண்டு நிலம் சும்மா கிடக்காது. அதே பரப்பில் தகரக் கூரை போட்டு, பச்சை விரிப்பு விரித்து, விளக்குப் போட்டு, மணிக்கணக்கில் வாடகைக்கு விடலாம். அப்படித்தான் விட்டிருக்கிறார்கள்.

மணிக்கணக்கு வாடகைக்கு ஷட்டில் பொருந்தியதற்கு அதன் புள்ளிமுறையும் ஒரு காரணம். 2006க்கு முன்பு சர்வீஸ் போடும் பக்கம் மட்டுமே புள்ளி எடுக்க முடியும், ஆட்டம் 15க்கு. சர்வீஸ் இங்கும் அங்கும் மாறிக்கொண்டே இருக்க, புள்ளி ஏறாமலே கால் மணி நேரம் போகும். இப்போது ஒவ்வொரு பந்துக்கும் புள்ளி. 21 எடுத்தவர் வெற்றி. 20க்கு 20 வந்தால் இரண்டு புள்ளி முன்னிலை வேண்டும். 29க்கு 29 வந்தால் அடுத்த புள்ளியே முடிவு. அதாவது எவ்வளவு இழுத்தாலும் 59 பந்துக்குள் முடிந்தாக வேண்டும். சாதாரண ஆட்டக்காரர்கள் நால்வர் ஒரு ஆட்டத்தைக் கால் மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். ஆறு பேர் சேர்ந்து ஒரு மணி நேரம் எடுத்தால், இருவர் மாறி மாறி உட்கார, நான்கு ஆட்டம் கிடைக்கும்; ஆளுக்கு இரண்டோ மூன்றோ ஆட்டம். ஏழு மணிக்கு அடுத்த குழு வாசலில் நிற்கும். பேச்சுக்கு நேரம் கிடையாது.

மட்டையும் மாறியது. பூப்பந்து மட்டை 165 கிராமுக்கு மேல். மரச்சட்டம் ஈரத்தில் முறுக்கிக்கொள்ளாமல் இருக்கத் திருகு வைத்த அழுத்துச் சட்டத்தில் பூட்டி வைப்பார்கள். இன்றைய கார்பன் மட்டை 85 கிராம்தான் இருக்கும். அன்று தோளிலிருந்து வந்த வீச்சு, இன்று முன்கையின் சுழற்சியிலிருந்து வருகிறது. பூப்பந்தில் பழகிய கை ஷட்டிலில் முதலில் தடுமாறுவது இதனால்தான்: முழுக் கையையும் வீசி அடித்தால் அடுத்த பந்துக்கு மட்டை திரும்பி வராது.

பந்தைத் தேர்ந்தெடுப்பதற்கும் இன்று ஓர் அறிவு வேண்டியிருக்கிறது. வெப்பக் காற்று அடர்த்தி குறைந்தது; அதில் ஷட்டில் அதிக தூரம் பறக்கும். ஆகவே சித்திரை வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, மெதுவான ஷட்டில் வேண்டும். நைலான் ஷட்டிலில் தலையருகே உள்ள வண்ணப்பட்டை அதைச் சொல்லும்: பச்சை மெதுவானது, நீலம் நடுத்தரம், சிவப்பு வேகமானது. சரியானதுதானா என்று அறிய, பின்கோட்டில் நின்று, கீழிருந்து மேலாக முழு பலத்துடன் அடித்துப் பார்க்க வேண்டும். எதிர்ப் பின்கோட்டுக்கு அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே விழுந்தால் சரி. கோட்டைத் தாண்டினால் அந்த அரங்குக்கு அது வேகம் அதிகம்.

பெற்றவை குறைவானவை அல்ல. அன்று எங்கள் பக்கத்து மைதானங்களில் பெண்கள் ஓரமாகக்கூட நின்று பார்த்ததில்லை. இன்று அலுவலகம் முடிந்து வரும் பெண் இரவு எட்டு மணிக்கு விளக்கு வெளிச்சத்தில் ஆடுகிறார். ஐப்பசி மழையில்கூட ஆட்டம் நிற்பதில்லை. இந்த ஒன்றுக்காகவே கூரைக்கு நான் நன்றி சொல்வேன். ஆனால் உடம்புக்கு வந்த கேடும் புதிது. மண் தரையில் வெறுங்கால் சற்று வழுக்கி நின்றது. விரிப்பில் ரப்பர் அடிப்பாகம் பிடித்த இடத்திலேயே பிடித்துக்கொள்ளும். திருகலை முழங்காலும் கணுக்காலும் வாங்கிக்கொள்கின்றன. நாற்பதைத் தாண்டியவர்கள் ஓட்டத்துக்கான தடித்த காலணியோடு வந்து, பக்கவாட்டில் பாய்ந்து கணுக்காலை மடக்கிக்கொள்வது அரங்குகளில் சாதாரணம். தாழ்ந்த, தட்டையான அடிப்பாகமுள்ள காலணியும், ஆட்டத்துக்கு முன் பத்து நிமிடம் உடலைச் சூடேற்றும் பயிற்சியும் இதைப் பெரிதும் குறைக்கும்.

பூப்பந்து அழிந்துவிடவில்லை. கல்லூரிகளிலும் மாவட்டப் போட்டிகளிலும் இன்றும் ஆடுகிறார்கள். 29 புள்ளியில் முடிந்த ஆட்டம் இப்போது 35 வரை போகிறது. போனது அதன் சாயங்கால முகம். போட்டிக்காக அல்லாமல், வேலை முடிந்து சட்டையைக் கழற்றி மரத்தில் மாட்டிவிட்டு இறங்கியவர்களின் ஆட்டம். சுமாராக ஆடுபவருக்கு இன்றைய அரங்கில் இடம் இல்லாமல் இல்லை. ஆனால் நால்வரில் ஒருவர் தடுமாறினால் ஆட்டமே சாய்ந்துவிடுவதால், அவர் தன் அளவுக்கு ஏற்ற மூவரைத் தேடிக் குழு சேர்க்க வேண்டியிருக்கிறது. தலைமையாசிரியரும் பத்தாம் வகுப்புப் பையனும் இன்று வேறு வேறு நேரத்துக்கு, வேறு வேறு குழுவோடு வருகிறார்கள்.