அடிக்குறிப்பில் கிடந்த 318 கோடி டாலர்

புல்டோசர், எக்ஸ்கவேட்டர், சுரங்க லாரி என்றாலே பலருக்கும் நினைவுக்கு வருவது மஞ்சள் வண்ண கேட்டர்பில்லர். சென்னையை அடுத்த திருவள்ளூரிலும் அதற்கு ஆலை உண்டு. 2008-ஆம் ஆண்டின் இறுதியில் இந்த அமெரிக்க நிறுவனம் வெளியிட்ட இருப்புநிலைக் குறிப்பில் சரக்கிருப்பின் மதிப்பு 878.1 கோடி டாலர் என்று இருந்தது. அதே ஆண்டறிக்கையின் பின்பக்கங்களில், கணக்குக் குறிப்புகளுக்கு நடுவே, ஒரு வாக்கியம். ஃபிஃபோ முறையைப் பின்பற்றியிருந்தால் சரக்கிருப்பு இன்னும் 318.3 கோடி டாலர் கூடுதலாக இருந்திருக்கும் என்பது அதன் சாரம்.

மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான வித்தியாசம். ஆலையில் இருந்த பொருள் ஒன்றுதான். கணக்கெழுதும் முறைதான் வேறு.

முதலில் வாங்கியது முதலில் விற்றதாக எழுதுவது ஃபிஃபோ. கடைசியாக வாங்கியது முதலில் விற்றதாக எழுதுவது லிஃபோ. கிடங்கிலிருந்து எந்தப் பொருள் உண்மையில் வெளியே போகிறது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எந்த விலையைச் செலவில் எழுதுவது, எதைக் கையிருப்பில் விட்டுவைப்பது என்பது மட்டுமே கேள்வி. விலைவாசி ஏறிக்கொண்டே போகும்போது லிஃபோவில் புது விலை செலவாகிறது. பழைய மலிவு விலை கையிருப்பில் தங்கிவிடுகிறது. லாபம் குறைகிறது, வருமான வரியும் குறைகிறது. அமெரிக்க நிறுவனங்கள் இதை விரும்புவதற்குக் காரணம் அந்த வரிதான்.

ஆனால் அமெரிக்க வரிச் சட்டம் ஒரு நிபந்தனை போடுகிறது. வரிக்கணக்கில் லிஃபோ என்றால் பங்குதாரர்களுக்குக் காட்டும் கணக்கிலும் லிஃபோதான். வரி அதிகாரியிடம் குறைந்த லாபம், முதலீட்டாளரிடம் கூடுதல் லாபம் என்று இரட்டை வேடம் போட முடியாது. ஃபிஃபோ மதிப்பைத் துணைத் தகவலாகக் குறிப்புகளில் சொல்லிக்கொள்ளலாம். அப்படிச் சொல்லப்படும் வித்தியாசத்துக்குத்தான் லிஃபோ ரிசர்வ் என்று பெயர். வங்கியில் போட்டுவைத்த பணம் எதுவும் அதில் இல்லை. இரண்டு மதிப்புகளுக்கு இடையிலான இடைவெளி, அவ்வளவுதான்.

இந்த இடைவெளியைக் கொண்டு லிஃபோ கணக்கை ஃபிஃபோவுக்கு மாற்றவேண்டிய அவசியம் ஏன் வருகிறது? அமெரிக்காவுக்கு வெளியே பெரும்பாலான நாடுகளில் லிஃபோ கிடையாது. சர்வதேசக் கணக்கியல் தரம் அதை 2005 முதல் விலக்கிவிட்டது. இந்தியாவின் தரமும் ஃபிஃபோ அல்லது சராசரி விலை என்ற இரண்டைத்தான் ஏற்கிறது. ஆகவே கேட்டர்பில்லரை ஸ்வீடனின் வால்வோவோடு ஒப்பிட விரும்புகிறவர், முதலில் இரண்டையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்தாக வேண்டும்.

பெரிய எண்களுக்குள் நுழையும் முன் ஒரு சின்னக் கணக்கு. ஒரு கம்பி வியாபாரியிடம் டன் 40,000 ரூபாய்க்கு வாங்கிய 10 டன் கம்பி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டில் டன் 45,000 வீதம் இன்னும் 10 டன் வாங்குகிறார். 10 டன் விற்கிறார். லிஃபோவில் விற்ற சரக்கின் அடக்கவிலை நாலரை லட்சம், மிச்சச் சரக்கு 4 லட்சம். ஃபிஃபோவில் இது அப்படியே தலைகீழ்: அடக்கவிலை 4 லட்சம், மிச்சச் சரக்கு நாலரை லட்சம். ஆண்டு முடிவில் ரிசர்வ் 50,000 ரூபாய்.

இரண்டாம் ஆண்டில் கம்பி விலை 52,000 ஆகிவிடுகிறது. மறுபடி 10 டன் வாங்கி, 10 டன் விற்கிறார். லிஃபோவில் அடக்கவிலை 5.2 லட்சம், கையிருப்போ அதே பழைய 4 லட்சம். ஃபிஃபோவில் போன ஆண்டுச் சரக்கு வெளியே போவதால் அடக்கவிலை 4.5 லட்சம், கையிருப்பு 5.2 லட்சம். இப்போது ரிசர்வ் 1.2 லட்சம்.

கையிருப்பை மாற்றுவது எளிது. லிஃபோ மதிப்போடு முழு ரிசர்வையும் கூட்டினால் போதும்: 4 லட்சமும் 1.2 லட்சமும் சேர்ந்து 5.2 லட்சம். கால் இடறுவது அடக்கவிலையில்தான். அங்கும் முழு ரிசர்வைக் கழித்தால் 4 லட்சம் வரும். அது தவறு, சரியான விடை 4.5 லட்சம். ஏனென்றால் 1.2 லட்சத்தில் 50,000 ரூபாய் போன ஆண்டின் விலையேற்றத்தால் வந்தது. அந்த ஆண்டுக் கணக்கிலேயே அது தீர்ந்துவிட்டது. இந்த ஆண்டைச் சேர்ந்தது கூடுதலாக வந்த 70,000 மட்டும். 5.2 லட்சத்திலிருந்து அதைக் கழித்தால் 4.5 லட்சம் சரியாக வருகிறது. கையிருப்புக்கு முழு ரிசர்வ், அடக்கவிலைக்கு ரிசர்வின் ஓராண்டு மாற்றம். தேர்வு எழுதும் மாணவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான்.

இனி கேட்டர்பில்லர். 2007 இறுதியில் அதன் ரிசர்வ் 261.7 கோடி டாலர். 2008 இறுதியில் 318.3 கோடி. ஓராண்டு ஏற்றம் 56.6 கோடி. அதற்கு முந்தைய ஆண்டின் ஏற்றம் 21.4 கோடிதான், 2008-இல் மூலப்பொருள் விலை எவ்வளவு வேகமாக ஏறியது என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடுகின்றன. சரக்கிருப்பு ஃபிஃபோவில் 878.1 கோடியும் 318.3 கோடியும் சேர்ந்து 1,196.4 கோடி. அறிக்கையில் காட்டிய அடக்கவிலை 3,841.5 கோடி, அதிலிருந்து 56.6 கோடியைக் கழித்தால் 3,784.9 கோடி.

அந்த ஆண்டில் கேட்டர்பில்லரின் சரக்கில் சுமார் 70 சதவீதம்தான் லிஃபோவில் இருந்தது. அதைப் பார்த்து ரிசர்வையும் 70 சதவீதமாகக் குறைக்க ஒருவருக்குத் தோன்றலாம். தேவையில்லை. குறிப்பில் தந்திருக்கும் தொகையே லிஃபோ பகுதிக்கான முழு வித்தியாசம்.

அடக்கவிலை 56.6 கோடி குறைந்தால் வரிக்கு முந்தைய லாபம் அதே அளவு கூடும். கூடிய லாபத்துக்கு வரி உண்டல்லவா? அமெரிக்காவின் அன்றைய கம்பெனி வரி விகிதம் 35 சதவீதம். அந்த விகிதத்தில் 19.8 கோடி வரி போக 36.8 கோடி மிஞ்சும். நிறுவனம் காட்டிய 355.7 கோடி நிகர லாபம் 392.5 கோடியாகும். ஆனால் அந்த ஆண்டில் கேட்டர்பில்லரின் உண்மையான வரிச்சுமை 35-ஐவிட நன்றாகவே குறைவு. 20 சதவீதம் என்று வைத்தால் நிகர லாபம் 401 கோடியைத் தொடும். ரிசர்வ் வரையிலான கணக்கில் சந்தேகத்துக்கு இடமில்லை. வரி விகிதத்தில்தான் கணக்குப் போடுகிறவரின் தீர்ப்பு நுழைகிறது. கூடுதலாகச் சம்பாதித்த கடைசி டாலருக்கு எந்த விகிதம் பொருந்துமோ அதை எடுப்பதே நியாயம் என்பதால் 35 பக்கம் சாய்வது பொருத்தமாகத் தெரிகிறது. எதை எடுத்தாலும், எடுத்த விகிதத்தைச் சொல்லிவிட வேண்டும்.

இருப்புநிலைக் குறிப்பின் மறுபக்கமும் சமன்பட வேண்டும். சொத்துப் பக்கம் 318.3 கோடி ஏறியாகிவிட்டது. இதில் 35 சதவீதமான 111.4 கோடி, இத்தனை ஆண்டுகளாகக் கட்டாமல் தள்ளிப்போட்ட வரி. அதைப் பொறுப்பாகச் சேர்க்கலாம். கட்டியிருந்தால் போயிருக்கும் என்று ரொக்கத்திலிருந்தும் குறைக்கலாம். மீதி 206.9 கோடி பங்குதாரர்களின் நிதியில் சேரும். இங்கே எடுப்பது முழு ரிசர்வ், ஓராண்டு மாற்றமல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். இத்தனை ஆண்டுகளில் சேர்ந்த மொத்த வித்தியாசம் அல்லவா பங்குதாரர் நிதியில் படிந்திருக்கிறது.

இதனால் என்ன மாறுகிறது? சரக்குச் சுழற்சியைப் பார்த்தால் தெரியும். ஆண்டின் அடக்கவிலையைச் சராசரிச் சரக்கிருப்பால் வகுத்தால், காட்டிய கணக்கின்படி 4.8 முறை. சரக்கு கிட்டத்தட்ட 76 நாளில் விற்றுத் தீர்வதாகத் தோன்றும். ஃபிஃபோவுக்கு மாற்றினால் அதே கணக்கு 3.5 முறைக்குச் சற்றுக் கீழே இறங்கி 105 நாளாகிறது. லிஃபோவில் புது விலையைப் பழைய விலையால் வகுப்பதால்தான் அந்த வேகம் தெரிந்தது. மாற்றாமல் வால்வோவோடு ஒப்பிட்டிருந்தால் அமெரிக்கக் கிடங்கு படுசுறுசுறுப்பானது என்று தப்புக்கணக்கு போட்டிருப்போம்.

அதற்காக ஃபிஃபோ லாபம்தான் நிஜம், லிஃபோ லாபம் பொய் என்று சொல்லிவிட முடியாது. கூடிய 56.6 கோடி, வாங்கிவைத்த சரக்கின் விலை ஏறியதால் வந்தது. இயந்திரத்தை நன்றாகச் செய்து விற்றதால் வந்ததல்ல. விற்ற பொருளை மறுபடி வாங்கிவைக்க ஆகும் செலவுக்கு லிஃபோ அடக்கவிலைதான் நெருக்கம். கையிருப்பின் இன்றைய மதிப்புக்கு ஃபிஃபோ நெருக்கம். எனவே சொத்தை எடைபோட ஃபிஃபோ, லாப விகிதத்தைப் பார்க்க லிஃபோ என்று இரண்டையும் கையில் வைத்துக்கொள்ளும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

ரிசர்வ் ஏறிக்கொண்டே போகும் என்ற உத்தரவாதமும் இல்லை. கம்பி வியாபாரி மூன்றாம் ஆண்டில் ஒரு டன்கூட வாங்காமல் இருக்கிற 10 டன்னையும் விற்றுவிட்டால், 40,000 ரூபாய் விலையில் தூங்கிக்கொண்டிருந்த பழைய சரக்கு செலவாக எழுந்து வரும். லிஃபோவில் அடக்கவிலை 4 லட்சம்தான். லாபம் திடீரென்று பொங்கும். ரிசர்வ் 1.2 லட்சத்திலிருந்து பூஜ்யத்துக்கு இறங்கும். மாற்றம் இப்போது கழித்தல் குறியோடு வருவதால், அடக்கவிலையிலிருந்து அதைக் கழிப்பது கூட்டுவதாக ஆகிவிடும்: 4 லட்சமும் 1.2 லட்சமும் சேர்ந்து 5.2 லட்சம். அதுதான் ஃபிஃபோ விடை.

கேட்டர்பில்லருக்கு 2009-இல் இது நிஜமாகவே நடந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் ஆர்டர்கள் சரிந்தன. நிறுவனம் உற்பத்தியைக் குறைத்துக் கிடங்கைக் காலிசெய்தது. பழைய மலிவு அடுக்குகள் கரைந்ததால் அடக்கவிலை சுமார் 30 கோடி டாலர் குறைந்தது, நிகர லாபம் சுமார் 24 கோடி கூடியது என்று அந்த ஆண்டின் குறிப்பே சொல்கிறது. அந்த ஆண்டின் மொத்த நிகர லாபம் 89.5 கோடிதான். நாலில் ஒரு பங்குக்கும் மேல், பல ஆண்டுகளுக்கு முந்தைய விலைகள் தந்த லாபம். அடுத்த ஆண்டில் அது திரும்ப வராது என்பதால், 2010-க்கான மதிப்பீட்டைத் தொடங்குகிறவர் அந்த 24 கோடியை முதலில் விலக்கிவிட்டு 65.5 கோடியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருந்தது.