எழுமீன் எங்கே இருக்கிறது?

ஓய்வு பெறப் போகும் தமிழய்யா எட்டாம் வகுப்புக்குள் வந்து ஒரு துண்டுச் சீட்டை மேசைமேல் வைக்கிறார். அதில் எழுத்தே இல்லை; எமோஜி மட்டும்தான்: 🌙4️⃣🦵. பள்ளிக்குள் ஒரு புதையல் இருக்கிறது, கண்டுபிடித்தவர்களுக்கே சொந்தம் என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

"ராத்திரி, நாலு கால்... வாட்ச்மேன் தாத்தா நாய் கட்டுற இடம்தான்!" என்று தினேஷ் ஓடுகிறான். கயல் ஓடவில்லை. படங்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறாள். நிலா, நாலு, கால். நிலாவுக்கு இன்னொரு பெயர் திங்கள். "திங்கள்... நாலேகால்!" நூலகக் கதவில் தொங்கும் பலகை அவளுக்கு நினைவு வருகிறது. மாடி அறை திறக்கும் நேரம்: திங்கள் 4.15 முதல் 5 வரை.

சிறுவர்களுக்கான ஒரு துப்பறியும் கதையை இப்படித் தொடங்கலாம். எமோஜியைத் துப்பாக வைத்து எழுதுவது பார்க்க எளிது. ஆனால் கயல் கண்டுபிடித்ததை வாசகரும் தானாகக் கண்டுபிடித்திருக்க முடியுமா என்பதில்தான் கதையின் உயிர் இருக்கிறது. இந்தக் கதையில் முடியும், ஏனென்றால் நூலகப் பலகையை முதல் பக்கத்திலேயே, கயல் புத்தகம் மாற்றப் போகும் சாதாரணக் காட்சியில், காட்டிவிட வேண்டும். விடை தெரிந்த பிறகு பலகையைக் கொண்டுவந்து மாட்டினால் அது வாசகரை ஏமாற்றுவது.

படத்தைத் துப்பாக்கிய கதை புதிதல்ல. 1903-இல் கோனன் டாயல் எழுதிய 'நடனமாடும் மனிதர்கள்' கதையில் குச்சி மனிதர்கள் வரிசையாக ஆடுவார்கள். ஒவ்வொரு உருவமும் ஓர் ஆங்கில எழுத்துக்குப் பதிலி. அடிக்கடி வரும் உருவம் எதுவோ அதுவே ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் ஈ என்ற எழுத்து என்று ஷெர்லக் ஹோம்ஸ் பிடித்துக்கொள்வார். அந்த வழிக்கு நிறையச் செய்திகள் கையில் இருக்க வேண்டும். இரண்டு மூன்று படங்களே உள்ள எமோஜிச் சீட்டில் எண்ணிப் பார்க்க எதுவும் இல்லை. அங்கே உதவுவது வேறு முறை: படத்தின் பெயரைச் சொல்லி, அதே ஒலியில் இருக்கும் இன்னொரு பொருளுக்குத் தாவுவது. ஒரே சொல்லுக்குப் பல பொருள் தாராளமாக உள்ள தமிழில் இந்த முறைக்குத் தீனி அதிகம்.

அந்தத் திங்கட்கிழமை சரியாக நாலேகாலுக்குப் போய் நின்றவர்களுக்கு நூலகர் அம்மா இரண்டாம் சீட்டைத் தருகிறார்: 6️⃣📖.

இந்த இடத்தில் தினேஷும் கெட்டிக்காரனாகிவிட்டான். "ஆறுன்னா நதி. புத்தகம்னா படிக்கிறது, அதாவது படி. ஆத்துப் படித்துறைக்கு வா, கயல்!" என்கிறான். தவறான இந்த விடை எனக்கு மிகவும் பிடிக்கும். முதல் சீட்டில் கற்ற பாடத்தைத்தான் அவன் பயன்படுத்துகிறான், ஒரு படி அதிகமாக. கயல் மறுக்கும்போது அவளிடம் காரணம் இருக்க வேண்டும். 'எனக்கென்னவோ தோணுது' என்றால் கதை செத்துவிடும். அவள் சொல்வது இது: "முதல் சீட்டுல நாலு, நாலாவே இருந்துச்சு. படம்தான் மாறிச்சு, எண் மாறல. அப்போ இதுவும் வெறும் ஆறுதான். ஆறாம் படி. அதோட, புதையல் பள்ளிக்கூடத்துக்குள்ளதான் இருக்குன்னு ஐயா சொன்னார்ல?"

நூலக மாடிப்படியில் கீழிருந்து ஆறாவது படியின் அடியில் மூன்றாம் சீட்டு ஒட்டியிருக்கிறது.

எழுதுபவர் ஒரு சீட்டில் வகுத்த விதியை அடுத்த சீட்டில் மீறக் கூடாது. முதல் சீட்டில் எண்ணும் ஒலி மாறியிருந்தால் ஆற்றுப் படித்துறைக்கும் ஆறாம் படிக்கும் சம உரிமை வந்துவிடும். இரண்டு சரியான விடை உள்ள துப்பு துப்பே அல்ல.

மூன்றாம் சீட்டு: 7️⃣🐟. நான் அதிக நேரம் செலவழிக்க விரும்புவது இதில்தான்.

சிந்துவெளி முத்திரைகளில் அடிக்கடி தென்படும் குறிகளில் ஒன்று மீன். அந்த எழுத்து திராவிட மொழி ஒன்றைச் சேர்ந்தது என்றால், மீன் என்ற ஒலி நீரில் நீந்துவதையும் வானில் மின்னுவதையும் ஒருசேரக் குறிக்குமே என்று ஹீராஸ் பாதிரியார் கருதினார். பின்லாந்து அறிஞர் அஸ்கோ பர்ப்போலா அதை மேலும் வளர்த்தார். மீன் குறிக்கு முன்னால் ஆறு கோடுகள் இருந்தால் அறுமீன், அதாவது கார்த்திகை. ஏழு கோடுகள் இருந்தால் எழுமீன், அதாவது சப்தரிஷி மண்டலம் என்று அவர் வாசித்தார். இந்த இரண்டு பெயரும் சங்கப் பாடல்களில் இருப்பவை. சிந்துவெளி எழுத்து இன்னும் படித்தறியப்படவில்லை. அதனால் இது ஒரு கருதுகோள்தான். ஆனால் தமிழய்யா ஒருவர் இதை வகுப்பில் சொல்லிக் கண் மினுங்கப் பேசியிருப்பார் என்பதை நம்பலாம். கதையின் நடுவில், தேர்வுக்கு வராத செய்தி என்று பாதி வகுப்பு தூங்கும் ஒரு பாடவேளையில், அதைப் போட்டு வைக்க வேண்டும்.

எழுமீன்! கயல் மாடி அறைக்கு ஏறுகிறாள். சுவரில் பழைய விண்மீன் வரைபடம். அகப்பை வடிவில் ஏழு புள்ளிகள். அதைத் தூக்கிப் பார்த்தால், பின்னால் ஒரு மாடக்குழியில் துணி சுற்றிய கட்டு: அந்தப் பள்ளி மாணவர்கள் நாற்பது ஆண்டுகளுக்கு முன் நடத்திய கையெழுத்துப் பத்திரிகையின் எல்லா இதழ்களும்.

சீட்டுகள் ஏன் தாளில் வருகின்றன, வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஏன் வரவில்லை என்று கேட்கலாம். எமோஜிகளுக்கு யூனிகோட் எண்களைத்தான் தருகிறது. படத்தை வரைவது அந்தந்த நிறுவனம். கைத்துப்பாக்கி எமோஜியை ஆப்பிள் 2016-இல் தண்ணீர்த் துப்பாக்கி ஆக்கியபோது மற்ற நிறுவனங்களின் போன்களில் அது நிஜத் துப்பாக்கியாகவே இருந்தது. அனுப்பியவர் விளையாட்டாகச் சொன்னது பெற்றவருக்கு மிரட்டலாகத் தெரிந்திருக்கும். நம் சீட்டில் உள்ள கால் எமோஜி 2018-இல்தான் யூனிகோடில் சேர்ந்தது. அதற்கு முந்தைய, புதுப்பிக்காத போனில் அந்த இடத்தில் வெறும் கட்டம்தான் வரும், நாலேகால் வராது. தாளில் அச்சிட்டுவிட்டால் எல்லோருக்கும் ஒரே படம். ஆனால் கதை வெளிவருவது கறுப்பு வெள்ளை இதழிலா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதில் சிவப்பு வட்டமும் பச்சை வட்டமும் ஒரே சாம்பலாகிவிடும். நிறத்தை நம்பிய துப்பு அங்கே எடுபடாது.

கதையை அனுப்புவதற்கு முன் சீட்டுகளை மட்டும் நான்கைந்து பிள்ளைகளிடம் தனித்தனியாகக் கொடுத்து, அவர்கள் முதலில் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லோரும் ஒரே தவறான இடத்துக்குப் போனால் அதைத் தினேஷின் வாயில் வைக்கலாம், கதைக்கு அது லாபம். ஆளுக்கொரு திசையில் போனால் படம் தெளிவாக இல்லை, மாற்ற வேண்டும். எல்லோரும் உடனே சரியாகச் சொல்லிவிட்டால் அந்தச் சீட்டை முதலாவதாக வையுங்கள்.