பின்வாங்கி வெல்லும் அரசன்

1912ஆம் ஆண்டில் ஃபார்னி, அலாப்பின் என்னும் இருவர் ஆடிய சதுரங்க ஆட்டத்தின் இறுதியில் எஞ்சியவை ஐந்தே காய்கள். பலகை வைத்திருக்கும் நேயர்கள் அவற்றை அடுக்கிப் பார்க்கலாம். வெள்ளையின் இடப்புறத்திலிருந்து நிரல்களை ஏ, பி, சி, டி எனவும், வெள்ளையின் பக்கத்திலிருந்து நிரைகளை 1 முதல் 8 வரையும் எண்ணிக்கொள்க. வெள்ளை அரசன் டி5இலும், அவனுடைய காலாட்கள் ஏ5, சி6 ஆகிய கட்டங்களிலும் நிற்கின்றனர். கறுப்பு அரசன் சி8இலும், அவனுடைய ஒரே காலாள் ஏ6இலும் உள்ளனர். ஏ நிரலின் காலாட்கள் ஒன்றையொன்று முட்டி நிற்பதால் அசைய இயலாது. இப்போது வெள்ளையின் முறை.

அரசனை டி6க்கு முன்னேற்றுவதே முதலில் தோன்றும் வழி. ஆனால் கறுப்பு அரசன் டி8க்கு வந்து எதிர்நிற்பான். சி7க்குக் காலாளை நகர்த்தி அரசனைத் தாக்கினால், அவன் சி8க்குத் திரும்பி வழியை அடைப்பான். காலாளைக் காக்க வெள்ளை அரசன் சி6க்கு வந்தால், தாக்கப்படாத கறுப்புக்கு நகர ஓர் இடமும் இராது; ஆட்டம் சமனாகிவிடும்.

ஆகவே, காலாள் அரசியாக மாறவேண்டிய சி8 கட்டத்திலிருந்து பின்னோக்கி எண்ணுவோம். காலாள் சி7ஐ அடையும்போது கறுப்பு அரசன் சி8இல் நின்றால், அது அவனைத் தாக்காது. அவன் பி7க்கு விலகியே ஆகவேண்டும். வெள்ளை அரசன் டி7க்கு வந்ததும் காலாளின் வழி திறந்துவிடும். இதற்கு முன்படி, வெள்ளை டி6இலும் கறுப்பு டி8இலும் நின்று, முறை கறுப்பினுடையதாக இருத்தல். அதற்கும் முன்படி, வெள்ளை டி5இலும் கறுப்பு சி8இலும் நின்று, முறை கறுப்பினுடையதாக இருத்தல். அப்போது கறுப்பு டி8க்கோ பி8க்கோ சென்றால் வெள்ளை டி6க்குச் செல்வான். கறுப்பு சி7க்கு வந்தால் வெள்ளை சி5க்குச் செல்வான். அதன்பின் கறுப்பு டி8க்கோ பி8க்கோ விலகினால் டி6உம், சி8க்கு விலகினால் பி6உம் வெள்ளைக்குத் திறந்துவிடும். பி6ஐ அடைந்தால் ஏ6இலுள்ள காலாள் வீழும்.

இது பலகையில் இப்போதுள்ள நிலையேதான். முறை மட்டுமே வேறு. அம்முறையை எதிரிக்கு மாற்றிவிடவே வெள்ளை அரசன் சி4க்குப் பின்வாங்குகிறான். கறுப்பு சி7க்கு வந்தால் உடனே சி5க்குச் செல்லலாம். அவன் டி8க்குச் சென்றால், வெள்ளை அவசரப்பட்டு டி5க்குத் திரும்பலாகாது. கறுப்பும் சி8க்குத் திரும்ப, பழைய நிலையே வந்துவிடும். மேலும் ஒரு நகர்வு காத்து டி4க்குச் செல்லவேண்டும். கறுப்பு சி8க்கு வந்ததும் டி5க்குச் சென்றால், முறை கறுப்பிடம் சேர்ந்துவிடும். மூன்று நகர்வுகளில் ஒரு முக்கோணத்தைச் சுற்றி வந்த வெள்ளைக்கு ஈடாக, கறுப்பால் இரண்டு நகர்வுகளில் மட்டுமே தன் இடத்திற்குத் திரும்ப முடிந்தது.

கறுப்பிடம் தடையின்றி நகரக்கூடிய வேறொரு காலாள் இருந்திருந்தால் இவ்வுபாயம் பலியாது. அக்காலாளை ஒருபடி நகர்த்தி, முறையை மீண்டும் வெள்ளையிடமே தள்ளியிருப்பான். ஆகவே, பின்வாங்குமுன் எதிரிக்கு அரசனையன்றி நகர்த்தத்தக்க வேறு காய் உண்டா என்பதையே முதலிற் பார்த்தல் வேண்டும்.