படத்தைச் சொற்களாகப் பிரிக்கும் முறை

ஒரு வாக்கியத்தைக் கணிப்பொறிக்கு அளிக்கும்போது, அதிலுள்ள ஒவ்வொரு சொல்லும் ஓர் எண்வரிசையாக மாற்றப்படுகிறது. 2017-இல் உருவாக்கப்பட்ட ‘டிரான்ஸ்ஃபார்மர்’ என்னும் அமைப்பு, ஒவ்வொரு சொல்லையும் ஏனைய சொற்கள் அனைத்துடனும் ஒப்பிட்டு, அவற்றிடையே உள்ள தொடர்பைக் கணக்கிடுகிறது. இம்முறையைப் படங்களுக்கும் கையாளலாம் என்பதை 2020-இல் கூகுள் நிறுவன ஆய்வாளர்கள் மெய்ப்பித்தனர்.

படத்தில் ‘சொல்’ எது என்பதே முதற்கேள்வி. பக்கத்திற்கு 224 புள்ளிகள் கொண்ட சதுரப் படமொன்றை எடுத்துக்கொள்வோம். இதில் 50,176 புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளியையும் ஒரு சொல்லாகக் கொண்டால், ஒப்பீடுகள் 250 கோடிக்கு மேற்பட்டுவிடும், இச்செலவு கட்டுப்படியாகாது. ஆகவே படத்தைப் பக்கத்திற்கு 16 புள்ளிகள் கொண்ட சதுரத் துண்டுகளாக வெட்டுகின்றனர். அப்போது வரிசைக்கு 14 வீதம் 196 துண்டுகளே கிடைக்கும். ஒப்பீடுகளும் ஏறத்தாழ 38,000-ஆகக் குறைந்துவிடும். துண்டின் பக்கத்தைப் பாதியாக்கினால் நுட்பம் கூடும். ஆனால் ஒப்பீடுகள் 16 மடங்காகும். சொல்லுக்கு அகராதியில் எல்லை உண்டு. இத்துண்டுகளுக்கோ அத்தகைய எல்லை இல்லை. ஒரு பசுவின் கண்ணையே இரண்டாக அறுத்துவிடவும் கூடும். இக்குறையைத் துண்டுகளின் ஒப்பீடே பெரும்பாலும் ஈடுசெய்துவிடுகிறது.

இங்கு ஓர் இடர்ப்பாடு எழுகிறது. ஒப்பீடு மட்டும் துண்டுகளின் இடத்தை அறியாது. அவற்றைக் கலைத்துப் போட்டாலும் விடை மாறாது. எனவே ஒவ்வொரு துண்டின் எண்வரிசையுடனும் அதன் இடத்தைக் குறிக்கும் மற்றோர் எண்வரிசை கூட்டப்படுகிறது. முதல் துண்டுக்கு நேர் கீழே இருப்பது 15-ஆவது துண்டு என்று அமைப்புக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. பயிற்சியின்போது அதுவே கற்றுக்கொள்கிறது. பயிற்சி முடிந்தபின் ஆராய்ந்தபோது, ஒரே வரிசையிலும் ஒரே நிரலிலும் உள்ள துண்டுகளின் இட எண்கள் ஒன்றையொன்று ஒத்திருந்தன.

இக்கல்விக்கு விலையும் உண்டு. முன்பு வழக்கிலிருந்த ‘கன்வல்யூஷன்’ வலையமைப்புகளில், அடுத்தடுத்த புள்ளிகள் தொடர்புடையவை என்னும் செய்தி அமைப்பிலேயே பொதிந்திருந்தது. புதிய அமைப்போ அதனையும் படங்களைப் பார்த்தே அறிய வேண்டும். இதனால், சுமார் 13 லட்சம் படங்களை மட்டும் கொண்டு பயிற்றுவித்தபோது பழைய முறைக்குச் சில விழுக்காடு பின்தங்கியது. சுமார் 30 கோடி படங்கள் அளிக்கப்பட்டபோதுதான் அதனை முந்தியது. அப்படத் தொகுப்பு பொதுமக்களுக்குக் கிடைப்பதன்று என்பதையும் இங்குக் கருத வேண்டும்.

சில ஆயிரம் படங்களே கைவசமுள்ள ஒரு துறை, இவ்வமைப்பைத் தொடக்கத்திலிருந்து பயிற்றுவிக்க முற்பட்டால், பயிற்சிப் படங்களில் ஏறக்குறைய முழு மதிப்பெண்ணும், ஒதுக்கிவைத்த புதிய படங்களில் மிகக் குறைந்த மதிப்பெண்ணும் காணும். இந்த இடைவெளியே நோயின் அறிகுறி. முன்னரே பயிற்சி பெற்ற அமைப்பொன்றைப் பெற்று, தம் படங்களைக் கொண்டு சிறிது திருத்திக்கொள்வதே இத்தகையோர்க்கு ஏற்றது. 2020-இன் இறுதியில் ஃபேஸ்புக் ஆய்வாளர்கள் வேறொரு வழியும் கண்டனர்: படங்களைப் பலவாறு உருமாற்றியும், கன்வல்யூஷன் வலையமைப்பு ஒன்றையே ஆசிரியராக அமர்த்தியும், அதே 13 லட்சம் படங்களைக் கொண்டு நல்ல பயனைப் பெற்றனர்.