ரீசெட் பொத்தானை அழுத்தும் முன்

ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டு மறந்துவிட்டால் முதலில் பெட்டியைத் திருப்பி, அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். யாரும் மாற்றாமல் விட்டிருந்தால் அதிலுள்ள பாஸ்வேர்டே வேலை செய்யும். வைஃபை பாஸ்வேர்டு வேறு, இது வேறு.

அது பலிக்காவிட்டால் ஃபேக்டரி ரீசெட்தான் வழி. ஆனால் அது அட்மின் பாஸ்வேர்டோடு நிற்பதில்லை. வைஃபை பெயர், அதன் பாஸ்வேர்டு, பிள்ளைகளுக்காகப் போட்ட கட்டுப்பாடுகள் எல்லாம் அழியும். பெரிய இழப்பு இன்னொன்று: பல ஃபைபர், பிராட்பேண்ட் இணைப்புகளில் PPPoE என்ற பகுதியில் நிறுவனம் தந்த யூசர்நேமும் பாஸ்வேர்டும் இருக்கும். அவையும் போய்விடும். பிறகு வைஃபை சிக்னல் முழுதாகத் தெரியும், இணையம் மட்டும் வராது. பலர் ரவுட்டரே கெட்டுவிட்டதாக நினைப்பது இங்கேதான்.

எனவே முதலில் நிறுவனத்தை அழைத்து அந்த விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, மின்சாரம் ஓடும்போதே, RESET துளைக்குள் குண்டூசியை நுழைத்துச் சுமார் 10 விநாடி அழுத்துங்கள். விளக்குகள் அணைந்து மீண்டும் எரிந்தால் ரீசெட் ஆகிவிட்டது. ஸ்டிக்கரில் உள்ள வைஃபையில் இணைந்து, அதிலுள்ள முகவரியை (பெரும்பாலும் 192.168.1.1) பிரவுசரில் திறந்து PPPoE விவரங்களைப் பதியுங்கள். நிறுவனமே தந்த ஃபைபர் பெட்டி என்றால், அவர்களைக் கேட்காமல் ரீசெட் செய்யாதீர்கள். சிலவற்றை அவர்கள்தான் திரும்ப அமைத்துத் தர முடியும்.