பாடியவர் பெயர் எங்கே?

நா. வானமாமலை 1964-ல் கொண்டுவந்த 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' தொகுப்பில், பாட்டுக்குக் கீழே சேகரித்தவர் பெயரும் ஊரும் இருக்கும். தங்கம்மாள்புரம் எஸ்.எஸ். போத்தையா அப்படி அச்சேறியவர்களில் ஒருவர். அடுத்தவர் உழைப்பைத் தன் பெயரில் கரைத்துக்கொள்ளாத தொகுப்பாசிரியர் வானமாமலை. ஆனால் பாடியவர் யார்? சில இடங்களில் 'உதவியவர்' என்றொரு பெயர் வருகிறது. அவர் பாடினாரா, பாடத் தெரிந்தவரைக் காட்டிவிட்டாரா என்பது அந்த வரியிலிருந்து தெரியாது.

பாட்டு ஊருக்கே சொந்தம், ஆள் பெயர் எதற்கு என்பார்கள். ஆலந்தலைக் கரையில் வலை இழுக்கும்போது பாடும் அம்பாவை எடுத்துக்கொள்வோம். ஒருவர் அடியெடுக்க, மற்றவர்கள் பின்பாட்டுப் பாடுவார்கள். மெட்டு ஊருடையதுதான். அன்றைய அடியில் யாரைக் கேலி செய்வது, எந்த அடியை நீட்டுவது என்பதெல்லாம் முன்பாட்டுக்காரர் கையில். ஆகவே அடியெடுத்தவர் பெயர் தனியாகவும், பின்பாட்டுக்காரர்கள் பெயர் சேர்த்தும் வர வேண்டும். அவர் யாரிடம் கற்றார் என்பதற்கும் ஒரு வரி வேண்டும்.

சட்டமும் இதற்கு இடம் தருகிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை அதைத் தயாரித்தவருக்கு. பாடியவருக்கோ நிகழ்த்துநர் உரிமை தனியாக உண்டு. 2012 திருத்தத்தில் வந்த 38பி பிரிவு, இதை நிகழ்த்தியவர் நான்தான் என்று அடையாளம் கோரும் உரிமையையும் சேர்த்தது.

பாடுபவரின் ஒப்புதலை முதலில் வாங்க வேண்டும். அதுவும் பதிவிலேயே கேட்கட்டும். பெயர், ஊர், நாள், உடனிருப்பவர்கள் ஆகியவற்றைச் சொல்லிவிட்டு, ஆய்வுக்கு மட்டுமா, அச்சிடலாமா, இணையத்தில் ஏற்றலாமா என மூன்றையும் தனித்தனியாகக் கேட்பது நல்லது. ஒன்றுக்குத் தலையசைத்தவர் மூன்றுக்கும் சம்மதித்ததாக எடுத்துக்கொள்வதில்தான் பெரும்பாலும் வம்பு தொடங்குகிறது. ஞானஸ்நானப் பெயரா, ஊர் கூப்பிடும் பட்டப்பெயரா, எதைப் போடுவது என்பதும் அவர் விருப்பம். ஒரே புனிதரின் பெயரைப் பலர் தாங்கும் கடற்கரையில் இதைக் கேட்காவிட்டால் பாராட்டு வேறு வீட்டுக்குப் போய்விடும்.

எழுதியதைப் பிறகு அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். முதலாளியைப் பற்றியோ சம்மாட்டியின் கணக்கைப் பற்றியோ பேச்சுவாக்கில் சொன்னதை அப்போது எடுக்கச் சொல்லலாம், எடுத்துவிட வேண்டியதுதான்.

பெயரை மறைப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அதில் மூழ்கியவர் இன்று எண்பதைத் தாண்டியிருப்பார். 'ஆலந்தலை, முன்னாள் முத்துக்குளிப்பவர், வயது 84' என்று எழுதினால் பெயர் போடாமலே ஊருக்கு ஆள் தெரிந்துவிடும். அவர் மறைக்கச் சொல்லியிருந்தால் ஊரையும் வயதையும் விட்டுவிட்டு, 'தூத்துக்குடிக் கடற்கரை முதியவர், பெயர் வேண்டாம் என்றார்' என்று எழுதி, பதிவின் எண்ணையும் அது எங்கே இருக்கிறது என்பதையும் மட்டும் கொடுக்கலாம்.